‘அடுத்த வாரம் சந்திப்போம்’ என்று எழுதாதீர்கள்

சென்ற வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது திசையன்விளை அக்காவிடமிருந்து போன். குரலே சரியில்லை.

“தம்பி, கல்லிடைக்குறிச்சியில இருந்து ஒரு ஆச்சி நம்ம ஸ்டாலுக்குன்னு வந்திருக்காவ. பாளையில மண்டபத்து வாசல்ல தனியா நிக்காவ. வாட்ச்மேன், அதெல்லாம் போன வாரமே முடிஞ்சிட்டுன்னு சொல்லிட்டாராம். பழைய பாக்கெட்ல இருந்த நம்பரப் பாத்து எனக்குப் பேசுதாவ. நான் ஊர்ல இருக்கேன். அவங்ககிட்ட நான் என்ன சொல்ல?”

அக்கா முந்திரிக்கொத்து, சில்லுக் கருப்பட்டி, இடிசாம்பார் பொடி எல்லாம் வீட்டில் செய்து விற்கிறவர். பாளையங்கோட்டையில் நடக்கும் வார இறுதிச் சந்தைகளில் ஸ்டால் போடுவார். அவரைப் போன்ற சின்ன வியாபாரிகளுக்கு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பதிவுகள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அந்த ஆச்சியை அங்கே வரவைத்த கேப்ஷனை எழுதியது நான்தான்.

அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஸ்டால் முடிந்த ஞாயிறு ராத்திரி அவசரத்தில் எழுதியது. அதை அப்படியே தருகிறேன்.

“எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்து ஆதரவளித்த அனைத்து அன்பு உள்ளங்களுக்கும் மனமார்ந்த நன்றிகள். உங்கள் அன்பும் ஆதரவும் என்றும் வேண்டும். அடுத்த வாரம் சனி, ஞாயிறு இதே இடத்தில் மீண்டும் சந்திப்போம்!”

படித்தால் ஒரு குறையும் தெரியாது. நூறு கடைக்காரர்கள் இப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் நடந்தது என்ன? ஆச்சியின் பேத்தி இந்தப் பதிவைப் பார்த்தது வியாழக்கிழமை. “அடுத்த வாரம் சனி, ஞாயிறு” என்று இருக்கிறது. வியாழக்கிழமை படிக்கிறவளுக்கு அடுத்த வாரம் என்றால் நாளை மறுநாள் வரும் சனி இல்லை, அதற்கும் அடுத்த சனி. அப்படித்தான் அவள் ஆச்சியிடம் சொன்னாள். ஆச்சியும் நாள் எண்ணிக் காத்திருந்து, செங்கோட்டையில் இருந்து வரும் ரயிலில் ஏறி, திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்துப் பாளைக்கு வந்து சேர்ந்தார். பதிவில் நான் சொன்ன ஸ்டால் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

நான் என் வீட்டில் இருந்து பத்து நிமிடத்தில் போய்விட்டேன். ஆச்சி வாசல் படியில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. “பேத்தி மாசமா இருக்கா, முந்திரிக்கொத்து கேட்டா. அதான் வந்தேன்” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து நான் கேப்ஷன் எழுதும் முறையே மாறிவிட்டது. ஸ்டால் போடுகிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

முதலில், நாம் போடும் பதிவு எப்போது, யார் கண்ணில் படும் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். கடை வாசலில் கரும்பலகை வைத்து எழுதினால், எழுதிய அன்றே படிப்பார்கள். மறுநாள் அழித்துவிடுவோம். இன்ஸ்டாகிராமும் ஃபேஸ்புக்கும் அப்படி இல்லை. போட்ட நேர வரிசைப்படி அவை காட்டுவதில்லை. யாருக்கு எது பிடிக்கும் என்று அந்த ஆப் தானாகக் கணித்து, ஒருவருக்கு ஞாயிறு ராத்திரியே காட்டும், இன்னொருவருக்குப் புதன்கிழமை காட்டும், வேறொருவருக்கு அடுத்த வாரம்கூடக் காட்டும். அப்புறம் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. நல்ல பதிவு என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் படத்தையும் எழுத்தையும் மட்டும் வெட்டி எடுத்துப் போடுவார்கள். அதில் நாம் என்றைக்கு எழுதினோம் என்பதே இருக்காது. “நாளை”, “இந்த வாரம்”, “வர்ற ஞாயிறு”, “அடுத்த வாரம்” என்ற சொற்களுக்கெல்லாம் எழுதிய நாள் தெரிந்தால்தான் பொருள் உண்டு. அந்த நாள் தெரியாத இடத்தில் அந்தச் சொற்கள் ஆளை அலைய விடும்.

அதனால் கேப்ஷனில் இந்தச் சொற்களை நான் இப்போது தொடுவதே இல்லை. தேதி, மாதத்தின் பெயர், கிழமை மூன்றும் சேர்ந்தே வரும். “ஆகஸ்ட் 8, சனிக்கிழமை.” எப்போது படித்தாலும் ஒரே நாள்தான்.

மாதத்தைப் பெயராக எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு துணிக்கடைத் தம்பி ஆகஸ்ட் 8, 9 ஆகிய இரண்டு நாளும் ஸ்டால் என்பதை “8/9” என்று போட்டிருந்தார். பாதிப் பேர் செப்டம்பர் 8 என்று படித்தார்கள். நாம் ரசீதிலும் விண்ணப்பத்திலும் அப்படித்தானே எழுதிப் பழகியிருக்கிறோம், அவர்கள் மேல் தப்பு இல்லை. சரி என்று அதை “8-9” என்று மாற்றினார். உடனே ஒரு அக்கா கமெண்டில் கேட்டார், “காலையிலயா ராத்திரியிலயா தம்பி? ஒரு மணி நேரந்தானா?” எட்டு மணியிலிருந்து ஒன்பது மணி வரை என்று அவர் எடுத்துக்கொண்டார். இரண்டு நாள் ஸ்டால் என்றால் இரண்டு தேதியையும் தனித்தனியாக, கிழமையோடு எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வரவே வராது. நாலு எழுத்து கூடத்தான் ஆகும், ஆகட்டும்.

கிழமையை ஏன் சேர்க்க வேண்டும்? தேதியில் பிழை வந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். “ஆகஸ்ட் 8, ஞாயிறு” என்று இருந்தால், காலண்டர் பார்க்கிற யாராவது ஒருவர் “எட்டாம் தேதி சனியாச்சே” என்று கேட்டுவிடுவார். கேட்ட உடனே திருத்திவிடலாம். ஆனால் இந்தப் பிழை நம்மிடமிருந்தே பிறக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் போன மாதக் கேப்ஷனை நகல் எடுத்து ஒட்டி, தேதியை மட்டும் மாற்றுவார்கள். கிழமையும் நேரமும் பழையதாகவே நின்றுவிடும். கண் அதைப் பார்த்தாலும், மனசு சரி என்றே படிக்கும். நான் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். பதிவிடும் முன், வீட்டில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, கேப்ஷனில் இருப்பதை வாய்விட்டு ஒரு தடவை படிப்பேன். போன் காலண்டரிலும் பார்க்கலாம். ஆனால் தினசரிக் காலண்டரில் ஒரு கூடுதல் பயன் உண்டு: அன்றைக்கு அமாவாசையா, விசேஷமா, முகூர்த்தமா என்பதும் தெரிந்துவிடும்.

நம் பக்கத்தில் அது முக்கியம். ஆனி மாதம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்தன்று டவுனுக்குள் வண்டி போகாது. அன்றைக்கு டவுனில் ஸ்டால் என்றால் வருகிறவர்கள் எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பதைக் கேப்ஷனில் சொல்லியாக வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பாதி ஊர் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பிவிடும். தேதியை ஒத்துக்கொள்ளும் முன் தாளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்தது, எதை முதலில் எழுதுவது. நன்றி சொல்லிவிட்டுத்தானே மற்றதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். அதுதான் மரியாதை. ஆனால் இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே கேப்ஷனின் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும். மீதி மறைந்திருக்கும், தொட்டால்தான் விரியும். தமிழ் எழுத்து அகலமானது. என் போனில் பார்த்தால் எட்டு ஒன்பது சொல்லுக்கு மேல் வருவதில்லை. நான் எழுதிய அந்தப் பழைய கேப்ஷனில் “எங்கள் ஸ்டாலுக்கு வருகை தந்து ஆதரவளித்த அனைத்து அன்பு” என்பதோடு முடிந்துபோயிற்று. தேதி மூன்றாவது வாக்கியத்தில் கிடந்தது. விரித்துப் பார்த்தவர்களுக்கு மட்டும் கிடைத்தது.

அதனால் இப்போது தேதியும் ஊரும் முதல் வரியில். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு நன்றி. ஆரம்பத்தில் திசையன்விளை அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. “வந்தவங்களுக்கு நன்றி சொல்லாம எடுத்த எடுப்புல அடுத்த வியாபாரத்தப் பேசுனா நல்லாவா இருக்கு?” என்றார். அவர் கேட்டது நியாயம்தான். நான் அதற்கு ஒரு சமாதானம் கண்டேன். படம் நன்றியைச் சொல்லட்டும், முதல் வரி தேதியைச் சொல்லட்டும். காலியான தட்டு, மடித்து வைத்த மேசை விரிப்பு, கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு பொட்டலம் என்று ஒரு படம் போட்டால் பார்க்கிறவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

படம் என்றதும் ஒன்று. கூட்டம் நிற்கும் படத்தைப் போட எல்லோருக்கும் ஆசை. ஆனால் நம் ஸ்டாலுக்கு வந்தவர்கள் பொருள் வாங்க வந்தவர்கள், படத்தில் வர ஒத்துக்கொண்டு வந்தவர்கள் இல்லை. முகம் தெளிவாகத் தெரிந்தால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். குழந்தை என்றால் பெற்றவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு தடவை ஒரு பிள்ளையின் படத்தைக் கேட்காமல் போட்டோம். அவள் வீட்டில் வேறெங்கோ போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். உடனே எடுத்துவிட்டோம், ஆனாலும் அவளுக்கு வீட்டில் பேச்சு விழுந்தது. இப்போது நான் கைகளை மட்டும் எடுக்கச் சொல்கிறேன். பொட்டலத்தை வாங்கும் கை, சில்லறை எண்ணும் கை. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய சங்கடம் இல்லை, பார்க்கவும் நன்றாக இருக்கிறது.

நன்றியை எப்படி எழுதுவது? “அனைத்து அன்பு உள்ளங்களுக்கும்” என்பதைப் படிக்கிற யாரும் அது தனக்குத்தான் என்று நினைப்பதில்லை. திருமண அழைப்பிதழின் கடைசி வரி போலக் கண் தாண்டிப் போய்விடும். அந்த இரண்டு நாளில் உண்மையாக நடந்த ஒன்றைச் சொன்னால்தான், அங்கே இருந்தவருக்கு “ஆமா, நானும் இருந்தேன்” என்று தோன்றும். ஆனால் ஞாயிறு ராத்திரி களைத்துப்போய் உட்கார்ந்து யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வராது. அதற்காகத்தான் ஸ்டால் மேசையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைக்கச் சொல்கிறேன். எழுத வேண்டியது மூன்றே விஷயம்: எது எத்தனை மணிக்குத் தீர்ந்தது, எல்லோரும் எதைக் கேட்டார்கள், மறக்க முடியாதபடி எது நடந்தது.

அக்காவின் நோட்டில் கடைசி ஸ்டாலுக்கு இருந்தது இவ்வளவுதான்: “மு.கொத்து ஞாயிறு 5.30 காலி. பிறகு ஒரு பத்துப் பேர் கேட்டாவ. சி.கருப்பட்டி காத்துக்கு இளகுது, டப்பா மாத்தணும். சக்கர இல்லாத கொத்து உண்டான்னு நாலு பேரு. தூறல் – காலேஜ் பிள்ளைய தார்ப்பா புடிச்சாவ.” நாலு வரி. ஒரு நல்ல கேப்ஷனுக்குத் தேவையானது எல்லாம் இதில் இருக்கிறது.

இதில் எனக்கு மிக முக்கியமாகத் தெரிவது அந்தப் பத்துப் பேர். வாங்கியவர்களுக்கு நன்றி சொல்ல எல்லோரும் நினைப்பார்கள். வந்து கிடைக்காமல் போனவர்களை யாரும் நினைப்பதில்லை. அவர்களும் பஸ் பிடித்துத்தான் வந்தார்கள், அடுத்த தேதி அவர்களுக்குத்தான் முதலில் தேவை. “எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது!” என்று மகிழ்ச்சியாக எழுதும்போது அதைப் படிக்கிற அந்தப் பத்துப் பேருக்கு எப்படி இருக்கும்? எத்தனை மணிக்குத் தீர்ந்தது, அடுத்த முறை அவர்களுக்காக என்ன செய்யப்போகிறோம் என்று சொல்ல வேண்டும்.

அந்த நோட்டை வைத்து எழுதிய கேப்ஷன் இது. மண்டபத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்.

“அடுத்த ஸ்டால்: ஆகஸ்ட் 8 சனி, ஆகஸ்ட் 9 ஞாயிறு, பாளையங்கோட்டை.

ஜூலை 18, 19 ரெண்டு நாளும் வந்தவங்களுக்கு நன்றி. ஞாயிறு சாயங்காலம் தூறல் விழுந்தப்போ, கேக்காமலே தார்ப்பாயை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சுக்கிட்டு நின்ன காலேஜ் பிள்ளைகளுக்குத் தனியா ஒரு நன்றி. பேர்கூடக் கேட்க முடியல. அடுத்த தடவை வந்தா சொல்லுங்க.

ஞாயிறு அஞ்சரைக்கே முந்திரிக்கொத்து தீர்ந்துபோச்சு. அதுக்கு மேல வந்து வெறுங்கையோட திரும்புனவங்க மன்னிச்சுக்கோங்க. இந்தத் தடவை ஞாயிறுக்குன்னு தனியா எடுத்து வைக்கிறோம். கண்டிப்பா வேணும்னா ஆகஸ்ட் 6 வியாழன் ராத்திரி 8 மணிக்குள்ள வாட்ஸ்அப்பில் சொல்லிடுங்க, பேர் எழுதி வைப்போம். பணம் ஸ்டாலுக்கு வந்து கொடுத்தாப் போதும்.

நேரம்: ரெண்டு நாளும் காலை 10 முதல் ராத்திரி 8 வரை. இடம்: பாளை மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் இறங்கணும். மண்டபத்து முன் திடல், வாசலுக்குள்ள வந்ததும் இடது பக்கம், பச்சைத் துணி போட்ட மேசை.

சீனி இல்லாத கொத்து கேட்டீங்க. எங்க கொத்தில் சீனி கிடையாது, கருப்பட்டிதான். ஆனா கருப்பட்டியும் இனிப்புதான், சர்க்கரை நோய் இருக்கிறவங்க டாக்டர்கிட்ட கேட்டுச் சாப்பிடுங்க.

செப்டம்பர் தேதி இன்னும் முடிவாகல. முடிவானதும் இங்கேயே சொல்றோம்.”

அக்கா பேசுகிற மாதிரியே இருக்கட்டும் என்று பேச்சு நடையில் விட்டுவிட்டேன். கடையின் குரல் அவருடையது. நீளம் அதிகமோ என்று கேட்பீர்கள். இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்து வரை இடம் உண்டு. கணக்கில் தமிழின் புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனி எழுத்தாகச் சேரும். “நன்றி” நமக்கு மூன்று எழுத்து, அந்தக் கணக்கில் ஐந்து. அப்படிப் பார்த்தாலும் இந்தக் கேப்ஷன் அடங்கிவிடும். முதல் வரியில் அவசியமானது வந்துவிட்டால், மீதி நீளமாக இருப்பதால் தொந்தரவில்லை. வேண்டியவர் விரித்துப் படிப்பார்.

இடம் எழுதும்போது “இதே இடத்தில்” என்று எழுதாதீர்கள். முதல் தடவை பார்க்கிறவருக்கு எந்த இடம் என்று தெரியாது. கூகுள் மேப் லிங்கை இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் ஒட்டுகிறார்கள். அங்கே அதைத் தொட்டாலும் திறக்காது, வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். லிங்கை உங்கள் பக்கத்தின் முகப்பில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கேப்ஷனில் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி பக்கமிருந்து வருகிற பாதிப் பேருக்கு மேப்பைவிட அதுதான் உதவும்.

அந்தக் கடைசி வரி, “இன்னும் முடிவாகல” என்பது, எனக்கும் சந்தை நடத்துகிறவர்களுக்கும் இடையே அடிக்கடி வாக்குவாதம் வருகிற இடம். மாதத்துக்கு ஒரு தடவை சந்தை போடுகிறவர்கள், ஸ்டால் முடிந்த அன்றே “அடுத்தது இந்தத் தேதியில் இருக்கும், போட்டுவிடுங்கள்” என்பார்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை நான் தேதியாக எழுதுவதில்லை. மண்டபமோ மைதானமோ அந்த நாளுக்குப் பதிவாகி இருக்க வேண்டும், ஸ்டால் வாடகையோ முன்பணமோ கட்டி அதற்கு ரசீதாவது வாட்ஸ்அப்பில் ஒரு பதிலாவது கையில் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் உறுதி. ஒன்று இல்லாவிட்டாலும் “முடிவாகவில்லை” என்றுதான் எழுதுவேன். முகூர்த்த நாளில் கல்யாணத்துக்குக் கேட்டு வந்தால் மண்டபத்துக்காரர் அதற்குத்தான் கொடுப்பார். இரண்டு தடவை அப்படி நடந்திருக்கிறது.

இதனால் நன்றிப் பதிவையும் தேதிப் பதிவையும் பிரிக்க வேண்டி வரலாம். பிரித்துக்கொள்ளுங்கள். நன்றி ஒரு நாளுக்கு மேல் தள்ளிப்போகக் கூடாது. திங்கள்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும், வீட்டில் அந்தப் பொட்டலம் தீர்வதற்குள். தேதி நாலு நாள் கழித்து வரலாம். உறுதியில்லாத தேதியைச் சேர்த்து எழுதுவதற்குப் பதில், தேதியே இல்லாத நன்றி எவ்வளவோ மேல்.

எல்லாம் சரியாகச் செய்தும் தேதி மாறிவிட்டால்? மழை, மண்டபம், வீட்டில் ஒரு துக்கம், எதுவும் வரலாம். அப்போது பலரும் செய்கிற தவறு, பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது. பழையதைப் படித்து மனதில் தேதி குறித்துக்கொண்டவருக்கு அது அழிந்தது தெரியவே தெரியாது. அழிக்காமல், அதே கேப்ஷனைத் திருத்தி முதல் வரியில் “தேதி மாற்றம்: ஆகஸ்ட் 8, 9 இல்லை. ஆகஸ்ட் 22 சனி, 23 ஞாயிறு” என்று எழுதுங்கள். பழைய தேதியும் அந்த வரியில் இருக்க வேண்டும், அப்போதுதான் மாறியது எது என்பது புரியும். அதன் பிறகு மாற்றத்தை மட்டும் சொல்லித் தனியாக ஒரு பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒன்று. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் போய்விடும், அதனால் ஸ்டால் நாள் வரை தினமும் போட வேண்டும். முன்பதிவு செய்தவர்களுக்கு மெசேஜ் போதாது, போன் பண்ணிச் சொல்ல வேண்டும். இருபது பேர் என்றாலும் இருபது போன்.

இங்கேதான் படத்துக்குள் தேதி எழுதுவதன் ஆபத்து தெரியும். கேப்ஷனை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். இன்ஸ்டாகிராமில் போட்ட படத்தைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வேறு படம் மாட்ட முடியாது. வண்ண வண்ணமாகப் போஸ்டர் செய்து நடுவில் பெரிதாகத் தேதி போட்டிருந்தால், கீழே கேப்ஷனில் என்ன திருத்தினாலும் மேலே பழைய தேதி நின்றுகொண்டே இருக்கும். அதனால் நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். நிலைத்து நிற்கும் பதிவில் தேதி கேப்ஷனில் மட்டும். ஒரு நாளில் மறையும் ஸ்டேட்டஸுக்கு வேண்டுமானால் தேதி போட்ட படம். அந்தப் படத்தையும் யாராவது சேமித்து வைத்து அனுப்பத்தான் செய்வார்கள். அதை நம்மால் தடுக்க முடியாது. அதற்காகத்தான் படத்தில் ஆண்டையும் சேர்த்து 2026 என்று போட்டுவிடுகிறேன். அடுத்த ஆடிக்கு அது எந்தக் குரூப்பிலாவது மறுபடி கிளம்பினாலும் பழசு என்று தெரிந்துவிடும்.

இன்னும் ஒரு வேலை உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறோம். ஸ்டால் முடிந்த பிறகு அந்தக் கேப்ஷன் அங்கேயே கிடக்கும். பக்கத்தின் மேலே ‘பின்’ போட்டுக் குத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம், வருகிற எல்லோருக்கும் முதலில் அதுதான் தெரியும். ஞாயிறு ராத்திரி மேசையை மடித்து ஆட்டோவில் ஏற்றியதும், வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த முதல் வரியைத் திருத்திவிட வேண்டும். “ஆகஸ்ட் 8, 9 ஸ்டால் முடிந்தது. அடுத்த தேதி புதிய பதிவில்.” ஒரு நிமிட வேலை. குத்தியதையும் எடுத்துவிட வேண்டும். முன்பு ஆச்சியின் பேத்தி வியாழக்கிழமை பார்த்து நாளைத் தப்பாகக் கணக்குப் போட்டாள். ஆச்சி கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமைவாக்கில் மறுபடி ஒரு தடவை பார்த்திருந்தால்கூட, நான் ஸ்டால் முடிந்த அன்று திருத்தாததால் அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிறு மதியம் அக்கா திசையன்விளையிலிருந்து பஸ் ஏறும் ஒருவரிடம் இரண்டு பாக்கெட் முந்திரிக்கொத்தைக் கொடுத்துவிட்டார். நான் வேய்ந்தான்குளம் புது பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டு, ஆச்சியைச் சாயங்கால ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில் கிளம்பும் முன் ஆச்சி ஜன்னல் வழியாகக் கேட்டார், “அடுத்து எப்பம்மான்னு அந்தப் பிள்ளகிட்ட கேட்டுச் சொல்லு. தேதியச் சொல்லு, கிழமையவும் சொல்லு.” ரயில் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன்.